முள்கம்பியா, இயந்திரத் துப்பாக்கியா: குதிரைப் பாய்ச்சலை நிறுத்தியது எது?

வைகைக்கரை:
எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் முதல் உலகப் போரைப் பற்றி நான் பேச வேண்டும். அதில் குதிரைப்படைக்கு ஒரு பகுதி வைத்திருக்கிறேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

எதை எடுத்துப் படித்தாலும் ஒரே வரிதான்: இயந்திரத் துப்பாக்கி வந்தது, குதிரைப்படை முடிந்தது. ஆனால் 1918 செப்டம்பர் 23 அன்று பாலஸ்தீனத்தின் ஹைஃபாவில் ஜோத்பூர் லான்சர்ஸ், மைசூர் லான்சர்ஸ் என்ற இந்தியக் குதிரைப்படைகள் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே ஈட்டியோடு பாய்ந்து ஊரையே பிடித்தார்கள். போர் தொடங்கி நாலு வருடம் ஆன பிறகு நடந்தது இது. இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்தும்?

இன்னொரு கேள்வியும் உண்டு. பாய்ச்சலுக்கு வழியில்லாமல் போன இடங்களில் அந்தக் குதிரை வீரர்களை வைத்து என்னதான் செய்தார்கள்? வீட்டுக்கு அனுப்பவில்லை என்பது மட்டும் தெரியும்.

தென்பாண்டி:
இதற்கு 1918 வரை போக வேண்டியதில்லையே. 1714இல் செஞ்சி தேசிங்கு ராஜா சில நூறு குதிரைகளோடு ஆற்காடு நவாபின் பெரும்படையை எதிர்த்துப் போய் இறந்தார். பீரங்கியும் துப்பாக்கியும் வந்தபோதே நம் நாட்டில் குதிரைப்படையின் கதை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு குதிரை ஊர்வலத்துக்குத்தான்.

வைகைக்கரை:
ஐயா, நான் கேட்டது முதல் உலகப் போர்க் காலத்தை. தேசிங்கை எதிர்த்து வந்த படையிலும் குதிரைகள்தானே அதிகம்? அது ஆள் எண்ணிக்கையில் வந்த தோல்வி என்றுதான் நினைக்கிறேன்.

லாயம்:
தென்பாண்டி சொன்னதை அப்படியே தள்ளிவிட வேண்டாம், விடைக்கு அதிலிருந்தே வழி இருக்கிறது. பழைய துப்பாக்கி ஏன் குதிரையை நிறுத்தவில்லை என்று பார்த்தால், புதியது எதை மாற்றியது என்பது தெரிந்துவிடும்.

நாலுகால் பாய்ச்சலில் படைக்குதிரை நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 மீட்டர் போகும். குழல் வாயில் மருந்து கெட்டித்துச் சுடும் பழைய துப்பாக்கியை நன்றாகப் பழகியவன்கூட நிமிடத்துக்கு மூன்று முறைதான் சுடுவான். ஓரளவாவது குறி தப்பாமல் படுவது கடைசி 100 மீட்டருக்குள்தான். அந்த 100 மீட்டரைக் குதிரை 15 நொடியில் தாண்டிவிடும். ஆக, எதிரில் நிற்பவனுக்கு ஒரு குண்டு. அது தவறினால் குதிரை மேலேயே வந்துவிட்டது. தோளோடு தோள் சேர்ந்து சதுரமாக நின்று, துப்பாக்கி முனைக் கத்திகளை வெளியே நீட்டிக்கொண்டால்தான் காலாட்படை தப்பும்.

இப்போது மாக்சிம் என்ற இயந்திரத் துப்பாக்கியை அங்கே வையுங்கள். ஆயிரம் மீட்டருக்கு அப்பாலிருந்தே சுடும். நிமிடத்துக்கு 500 குண்டு என்பார்கள், ஆனால் அது நிறுத்தாமல் ஓடினால். களத்தில் விட்டுவிட்டுத்தான் சுடுவார்கள், பாதி என்று வையுங்கள். ஆயிரம் மீட்டர் என்றால் குதிரைக்கு இரண்டரை நிமிடம். இரண்டு துப்பாக்கி இருந்தால் அந்த நேரத்துக்குள் 1,250 குண்டு. ஒரு ஸ்குவாட்ரனில் 120 குதிரை என்றால் ஒரு குதிரைக்குப் பத்துக் குண்டுக்கு மேல். கணக்குப்படி ஒன்றும் மிஞ்சக் கூடாது.

ஆனால் மிஞ்சியது. 1917 அக்டோபர் 31, பாலஸ்தீனத்தில் பீர்ஷெபா. ஆஸ்திரேலியர்கள் சுமார் 800 பேர். அவர்களிடம் வாள்கூட இல்லை. துப்பாக்கி முனைக் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு துருக்கிய அகழிகளை நோக்கிப் பாய்ந்தார்கள். இறந்தவர்கள் 31 பேர். ஊர் விழுந்துவிட்டது.

காரணம் குறிகாட்டி. துப்பாக்கியின் மேலுள்ள குறிகாட்டியைத் தூரத்துக்கு ஏற்றபடி ஏற்றி இறக்க வேண்டும். வருகிற குதிரை நிமிடத்துக்கு 400 மீட்டர் நெருங்குகிறது என்றால் குறிகாட்டியை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அன்றைக்குத் துருக்கிய வீரர்கள் பலர் அதைச் செய்யவில்லை. குண்டுகள் தலைக்கு மேலே போய்விட்டன. புழுதி வேறு. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: அந்த அகழிகளுக்கு முன்னால் முள்கம்பி இல்லை.

என் கருத்து இதுதான். இயந்திரத் துப்பாக்கி குதிரைப் பாய்ச்சலை மிகவும் விலை கூடியதாக்கியது. முள்கம்பிதான் அதை நடக்க முடியாததாக்கியது. ஏனென்றால் குதிரைக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அந்த இரண்டரை நிமிடம்தான். கம்பி அதற்கு முடிவே இல்லாமல் செய்துவிட்டது.

வைகைக்கரை:
குதிரை தாண்டிக் குதிக்காதா? பந்தயங்களில் அவ்வளவு உயர வேலியைத் தாண்டுகிறதே.

லாயம்:
ஒற்றை வேலி என்றால் தாண்டும். போர்க்களத்துக் கம்பி நீங்கள் தோட்டத்தில் பார்க்கிற நாலு வரிசை வேலி இல்லை. உயரம் ஓர் ஆளின் இடுப்பளவுதான், ஆனால் அகலம் பத்து மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். முளைகளை வரிசை வரிசையாக இறக்கி, மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து விட்டிருப்பார்கள். ராத்திரியில் சுத்தியல் சத்தம் கேட்டால் எதிரி சுடுவான் என்று, மண்ணுக்குள் திருகி இறக்கும் இரும்பு முளை வைத்திருந்தார்கள். எந்தக் குதிரையும் பத்து மீட்டர் அகலத்தைத் தாண்டாது.

வேலியை நேர்க்கோட்டிலும் போடுவதில்லை. சாய்வாகப் போட்டு, அந்தச் சாய்வின் ஓரமாகவே சுடும்படி துப்பாக்கியை வைப்பார்கள். கம்பியை அடைந்தவன் இடைவெளி தேடிப் பக்கவாட்டில் நகர்வான், நேராகத் துப்பாக்கியின் முன்னால் போய் நிற்பான். துப்பாக்கியைத் திருப்பக்கூட வேண்டாம். கம்பி வேலை செய்வது இப்படித்தான். அது யாரையும் கொல்வதில்லை, துப்பாக்கிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி வைக்கிறது.

காங்கேயத்தான்:
எனக்குப் போரைப் பற்றி ஒன்றும் தெரியாது. கம்பியைப் பற்றித் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் மேய்ச்சல் காட்டுக்குக் கிளுவை வேலிதான். கிளுவை முள் குத்தும், மாடு ஒதுங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். பக்கத்துக் காட்டை வாங்கியவர் கிளுவையைப் பிடுங்கிவிட்டு முள்கம்பி போட்டார். அந்த வருடம் எங்கள் இரண்டு வயதுக் காளைக்கன்று நாய் துரத்தி மிரண்டு ஓடி அதில் போய் விழுந்துவிட்டது. சாயங்காலம், வெளிச்சம் குறைந்த நேரம். கம்பி கண்ணுக்கே தெரிந்திருக்காது. கிளுவை என்றால் பச்சைச் சுவர் மாதிரித் தெரியும்.

கம்பியில் மாட்டிய மாடு சும்மா நிற்காது. பின்னால் இழுக்கும். இழுக்க இழுக்க முள் தோலுக்குள் இறங்கும். வலி தாங்காமல் காலைத் தூக்கும், அந்தக் கால் அடுத்த வரிசைக்குள் போய்விடும். நானும் என் அண்ணனும் போய் ஒருவர் தலையைப் பிடித்துக் கண்ணைத் துண்டால் கட்டி, ஒருவர் கம்பியை வெட்டி எடுத்தோம். கால் மணி நேரம் ஆனது. முன்காலில் எலும்பு தெரிந்தது. பிழைத்துக்கொண்டது, ஆனால் கடைசி வரை அந்தப் பக்கம் மேயப் போகவில்லை.

ஒரு மாட்டுக்கு இரண்டு பேர், கால் மணி நேரம். யாரும் எங்களைச் சுடவும் இல்லை. நூறு குதிரை ஒரே நேரத்தில் அப்படி மாட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கவே முடியவில்லை.

லாயம்:
நன்றி காங்கேயத்தான். வெளிச்சம் குறைந்த நேரம் என்று சொன்னீர்களே, அது பெரிய விஷயம். வேகமாக வரும் குதிரைக்கு மெல்லிய கம்பி கண்ணில் படுவதே கடைசி நொடியில்தான்.

முள்கம்பியே உங்கள் தொழிலிலிருந்து போருக்குப் போனதுதான். 1874இல் இல்லினாய் மாநில விவசாயி ஜோசப் கிளிடன் காப்புரிமை வாங்கியது மாட்டு வேலிக்காக. போரின் முதல் மாதத்திலேயே விவசாயி போட்ட வேலி குதிரைப்படையைக் கவிழ்த்ததும் நடந்தது. 1914 ஆகஸ்ட் 12, பெல்ஜியத்தில் ஹாலன் என்ற சிற்றூர். பெல்ஜியக் குதிரை வீரர்கள் குதிரையைப் பின்னால் விட்டுவிட்டு, இறங்கி, உயிர்வேலிகளுக்கும் பண்ணைக் கட்டடங்களுக்கும் பின்னால் படுத்துக்கொண்டார்கள். ஜெர்மானியர் அணி அணியாகப் பாய்ந்தார்கள். வயல் வேலிக் கம்பிகளும் பள்ளமான வண்டிப்பாதைகளும் குதிரைகளைத் தடுத்தன, துப்பாக்கிகள் சுட்டன. வயலெல்லாம் பளபளக்கும் தலைக்கவசங்கள் கிடந்ததால் அதற்கு வெள்ளித் தலைக்கவசங்களின் போர் என்றே பெயர். அகழிகள் தோண்டப்படுவதற்கு முன்பே நடந்தது இது.

ஜேசிநகர்:
எல்லாம் சரி, ஆனால் ஹைஃபாவை இப்படிப் பேசிக் கரைத்துவிடாதீர்கள். நான் பெங்களூரு ஜே.சி. நகரில் வளர்ந்தவன். மைசூர் லான்சர்ஸ் நினைவுத்தூண் வழியாகத்தான் தினமும் பள்ளிக்கூடம் போனேன். எதிரில் இயந்திரத் துப்பாக்கி, மலை மேல் பீரங்கி. குறுகலான வழி: ஒரு பக்கம் கார்மல் மலைச் சரிவு, மறுபக்கம் புதைமணல் கொண்ட ஆறு. அதற்குள் பாய்ந்து 1,300 பேருக்கு மேல் சிறைபிடித்தார்கள். இறந்த வீரர்கள் எட்டே பேர், அவர்களில் ஜோத்பூர் படையின் மேஜர் தல்பத் சிங்கும் ஒருவர். நெஞ்சுரம் உள்ளவனிடம் இயந்திரத் துப்பாக்கி தோற்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? பிரான்ஸ், பெல்ஜியம் பக்கத்து மேற்கு முனையில் ஐரோப்பியக் குதிரைப்படைகளுக்கு அந்த உரம் இல்லை, அதனால்தான் தோற்றார்கள்.

லாயம்:
ஜேசிநகர், ஹைஃபாவைப் பற்றி நீங்கள் சொன்ன விவரங்கள் சரி. கடைசி வாக்கியத்தோடு மட்டும் என்னால் ஒத்துப்போக முடியாது.

எட்டுப் பேர் இறந்தார்கள், 34 பேர் காயப்பட்டார்கள். குதிரைகள்? 60 இறந்தன, 83 காயப்பட்டன. இந்த நாலு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குண்டை வாங்கியது பெரும்பாலும் குதிரைதான். பாயும் குதிரை குண்டு பட்ட இடத்திலேயே விழுவதில்லை, இரண்டு மூன்று பட்டும் ஓடும், அகழியைத் தாண்டிய பிறகு சாயும். அதுவரை சவாரி செய்கிறவன் போய்ச் சேர்ந்துவிடுகிறான். கம்பி இருந்திருந்தால் அந்தக் குதிரைகள் அதன் முன்னாலேயே சாய்ந்திருக்கும். மேற்கு முனையில் இருந்தது போன்ற அடர்ந்த கம்பி வேலி ஹைஃபாவில் இல்லை.

இன்னொன்று, எல்லோரும் நேராகப் பாயவில்லை. மைசூர்க்காரர்களில் ஒரு பகுதி முன்னதாகவே சுற்றிக்கொண்டு கார்மல் மலையில் ஏறி, மேலிருந்த பீரங்கிகளை நோக்கிப் போனது. அது நடந்திருக்காவிட்டால் கீழே பாய்ந்தவர்களின் கதி வேறு. நெஞ்சுரம் இருந்தது, யார் இல்லை என்றார்கள்? கூடவே திட்டமும் இருந்தது.

ஐரோப்பியருக்கு உரமில்லை என்றால் நான் ஒன்று கேட்கிறேன். மேற்கு முனையில் இந்தியக் குதிரைப்படையும் மூன்று வருடத்துக்கு மேல் இருந்ததே. அவர்களுக்கு அங்கே என்ன ஆனது?

ஜேசிநகர்:
அது எனக்குத் தெரியாது. சொல்லுங்கள்.

லாயம்:
ஒரே ஒரு ரெஜிமென்ட்டை எடுத்துக்கொள்வோம். 2வது லான்சர்ஸ், கார்ட்னர்ஸ் ஹார்ஸ் என்றும் பெயர்.

1917 நவம்பர் 20 அன்று பிரான்சில் காம்ப்ரே அருகே பிரிட்டிஷார் டாங்குகளோடு தாக்கினார்கள். அந்தத் தாக்குதலில் 32 டாங்குகளுக்குச் சண்டையே வேலையில்லை. பின்னால் கொக்கி மாட்டிக்கொண்டு, முள்கம்பியைப் பிடித்து இழுத்துச் சுருட்டி, குதிரைகள் போகப் பாதை ஒதுக்குவதுதான் வேலை. அதைக் கேட்டாலே கம்பி எவ்வளவு பெரிய தடை என்று புரியும். பத்து நாள் கழித்து ஜெர்மானியர் திருப்பி அடித்து, பிரிட்டிஷ் அகழிகள் பலவற்றைப் பிடித்துவிட்டார்கள்.

டிசம்பர் 1 காலை. 2வது லான்சர்ஸுக்கு உத்தரவு: பெசியேர் என்ற ஊரிலிருந்து புறப்பட்டு, வில்லேர்-கிஸ்லான் நோக்கிப் பாய வேண்டும். டாங்குகள் கூட வரும் என்று சொல்லியிருந்தார்கள், வரவில்லை. இருந்தாலும் போகச் சொன்னார்கள். போனார்கள். இரண்டு பக்கமும் இயந்திரத் துப்பாக்கி. தளபதி லெப்டினன்ட் கர்னல் டர்னர் உயிரிழந்தார். மீதிப் பேர் பாய்ந்து கில்டேர் என்று பிரிட்டிஷார் பெயர் வைத்திருந்த ஓர் அகழியை அடைந்து, அங்கிருந்த ஜெர்மானியரை ஈட்டியால் குத்தித் துரத்தினார்கள்.

பாய்ச்சல் வெற்றிதான். ஆனால் அதற்கு அடுத்த நிமிடத்தைப் பாருங்கள். முன்னால் போக முடியாது, பக்கங்களில் எதிரி, பின்னால் ஒன்றரை மைல் வெட்டவெளி. குதிரையை விட்டு இறங்கினார்கள், அகழிக்குள் இறங்கித் துப்பாக்கியைப் பிடித்தார்கள். அந்த நொடியிலிருந்து அவர்கள் காலாட்படை. இருட்டும் வரை அங்கேயே கிடந்து, இருட்டிய பிறகுதான் திரும்ப முடிந்தது.

சிக்கிக்கொண்ட செய்தியைப் பின்னால் இருக்கும் பிரிகேட் தலைமையிடத்துக்குச் சொல்ல வேண்டும். தொலைபேசிக் கம்பி கிடையாது. இரண்டு பேர் முன்வந்தார்கள். சவார் ஜோத் ராம், லான்ஸ் தஃபேதார் கோவிந்த் சிங். ஜோத் ராம் வழியில் இறந்துவிட்டார். கோவிந்த் சிங்கின் குதிரை சுடப்பட்டது. மீதித் தூரத்தை ஓடிக் கடந்து செய்தியைக் கொடுத்தார். பதிலோடு திரும்பப் போக ஆள் கேட்டபோது அவரே மறுபடி முன்வந்தார். வேறு குதிரை. அதுவும் சுடப்பட்டது, ஓடிப் போய்ச் சேர்ந்தார். மூன்றாம் முறையும் அப்படியே. விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள்.

வைகைக்கரை, உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இந்த ஒரே காலைப்பொழுதில் இருக்கிறது. நூற்றுக்கணக்கில் பாய்ந்தவர்கள் இறங்கித் துப்பாக்கி பிடித்தார்கள். குதிரை குதிரையாகப் பயன்பட்டது ஒற்றை ஆள் செய்தி கொண்டு போகத்தான்.

இப்போது பத்து மாதம் தள்ளி வாருங்கள். இந்தியக் குதிரைப்படையை 1918இன் தொடக்கத்தில் பிரான்சிலிருந்து பாலஸ்தீனத்துக்கு மாற்றினார்கள். செப்டம்பர் 19 அன்று கடலோரத்தில் காலாட்படை துருக்கிய வரிசையை உடைத்து வழி திறந்துவிட்டது. அந்த வழியாகக் குதிரைப்படை உள்ளே போய் 34 மணி நேரத்தில் ஏறக்குறைய 70 மைல் ஓடியது. 20ஆம் தேதி விடியலில், லஜ்ஜூன் அருகே சமவெளியில், இயந்திரத் துப்பாக்கிகளோடு வந்த ஒரு துருக்கியப் படையை எதிரில் சந்தித்தது யார்? அதே 2வது லான்சர்ஸ். ஒரு பகுதி எதிரே நின்று சுட்டு அவர்கள் கவனத்தைப் பிடித்து வைத்தது. மற்றவர்கள் பக்கவாட்டில் சுற்றி வந்து பாய்ந்தார்கள். 46 பேரை ஈட்டியால் வீழ்த்தி, 470 பேரைச் சிறைபிடித்தார்கள். தங்கள் பக்கம் ஒரு வீரருக்குக் காயம், 12 குதிரை இழப்பு.

அதே ரெஜிமென்ட், அதே ஈட்டி. உரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிரான்சில் கம்பியும் அகழியும் கடலிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லை வரை இடைவெளியில்லாமல் ஓடின, சுற்றி வரப் பக்கவாட்டே கிடையாது. பாலஸ்தீனத்தில் பக்கவாட்டு இருந்தது.

ஜேசிநகர்:
இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. உரம் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கோவிந்த் சிங் பெயர் எந்தத் தூணிலும் என் கண்ணில் பட்டதில்லை, அது வருத்தமாக இருக்கிறது.

பழைய_சவார்:
டாங்குகள் ஓட்டும் கவச ரெஜிமென்ட்டில் 24 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். சவார் என்பது இன்றும் கவசப் படையில் சிப்பாய்க்குப் பெயர். சேர்ந்த நாளில் என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சவார், தஃபேதார், ரிசல்தார். குதிரை போய் 80 வருடத்துக்கு மேல் ஆகியும் பெயர் போகவில்லை. தென்னிந்தியர்களைச் சேர்க்கும் 16வது லைட் கேவல்ரி ஆற்காடு நவாபின் குதிரைப்படையிலிருந்து வந்தது. தென்பாண்டி ஐயா சொன்ன அந்த ஆற்காட்டுக் குதிரைகள் 1965இல் சியால்கோட் முனையில் செஞ்சூரியன் டாங்குகளாக நின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லாயம் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். கோவிந்த் சிங் 2வது லான்சர்ஸ்காரர் இல்லை. 28வது லைட் கேவல்ரியிலிருந்து அங்கே அனுப்பப்பட்டவர். அந்த 28வது, பழைய மதராஸ் குதிரைப்படையின் வழிவந்த ரெஜிமென்ட். அவர் ராஜஸ்தான்காரர்தான், ஆனாலும் இந்தத் தொடர்பு நம் ஆட்களுக்குத் தெரிய வேண்டும்.

இறங்கிச் சண்டை போடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களுக்குப் பழைய முறையை வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். குதிரையை விட்டு இறங்கினால் நாலு பேரில் ஒருவன் நாலு குதிரையையும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். ஆக, 120 பேர் போனால் அகழியில் நிற்பது 90 துப்பாக்கிதான். காலாட்படையில் அதே 120 பேர் போனால் 120 துப்பாக்கி. குதிரைப்படைத் தளபதிகள் இறங்க மனமில்லாமல் இருந்ததற்குப் பெருமை மட்டும் காரணமில்லை, இந்தக் கணக்கும் காரணம். 1916 வாக்கில் ஹாட்ச்கிஸ் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியைப் பொதிக்குதிரை மேல் ஏற்றிக் கூடவே கொண்டுபோகத் தொடங்கினார்கள். அந்த ஆள் குறைவை அது ஓரளவு ஈடு கட்டியது. தங்களை நிறுத்திய ஆயுதத்தைத் தாங்களே குதிரை மேல் ஏற்றிக்கொண்டார்கள்.

கயல்:
எனக்கு இதில் ஒரு கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். 1914 முடிவதற்குள்ளேயே கம்பி வந்துவிட்டது. பாய முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அப்புறமும் நாலு வருடம் பிரான்சில் குதிரைப்படையை வைத்துக்கொண்டு, இன்றைக்குத் திறக்கும் நாளைக்குத் திறக்கும் என்று காத்திருந்தார்கள். போர் முழுவதும் பிரிட்டனிலிருந்து பிரான்சுக்குக் கப்பலில் போன குதிரைத் தீவனம் 50 லட்சம் டன்னுக்கு மேல். வெடிமருந்தைவிட எடை அதிகம். அந்தக் கப்பல்களில் வேறு எதை அனுப்பியிருக்கலாம்? தளபதிகளின் பழைய ஆசைக்குக் கொடுத்த விலை இது.

லாயம்:
தீவனக் கணக்கு சரி. ஆனால் அதைத் தின்றது பெரும்பாலும் சவாரிக் குதிரை இல்லை. பீரங்கி இழுத்ததும், ரொட்டியும் குண்டும் ஏற்றிய வண்டியை இழுத்ததும், சேற்றில் கழுத்து வரை இறங்கிய கோவேறு கழுதைகளும்தான். குதிரைப்படை அதில் சிறு பங்கு. குதிரைப்படையை முழுதாகக் கலைத்திருந்தாலும் தீவனக் கப்பல் நின்றிருக்காது.

கயல்:
சிறு பங்கு என்றாலும் பங்குதானே. அந்த ஆட்களை முதலிலேயே காலாட்படையாக மாற்றியிருக்கலாம். ஜெர்மானியர் மேற்கு முனையில் அப்படித்தானே செய்தார்கள், பல குதிரைப் பிரிவுகளை இறக்கித் துப்பாக்கிப் படையாக்கினார்கள்.

பழைய_சவார்:
செய்தார்கள். 1918 மார்ச்சில் அதே ஜெர்மானியர் பிரிட்டிஷ் வரிசையை உடைத்துவிட்டு, உடைத்த வழியாக வேகமாக உள்ளே அனுப்பக் குதிரைப்படை இல்லாமல் நின்றார்கள். எதிர்ப்பக்கம் உடைந்த இடத்துக்கெல்லாம் பிரிட்டிஷ், கனடியக் குதிரைப்படை விரைந்து போய் இறங்கிச் சண்டை போட்டு அடைத்தது. மார்ச் 30, மொருய் காடு, கனடியர்கள். பாதையில்லாத நிலத்தில் அந்த நாளில் குதிரையை விட வேகமாக ஆள் கொண்டுபோக வேறு எதுவும் இல்லை அம்மா. லாரி சாலையை விட்டு இறங்காது, டாங்கு நடக்கிற வேகத்தில்தான் போகும்.

கயல்:
தீயணைப்பு வண்டி மாதிரி வைத்திருந்தார்கள் என்கிறீர்கள். சரி, ஏற்கிறேன். ஆனால் 1918 மார்ச்சில் அது பயன்பட்டது என்பதற்காக 1915, 1916, 1917 மூன்று வருடம் காத்திருந்தது நியாயமாகிவிடாது. அப்போது யாரும் தீயணைக்க வைத்திருக்கவில்லை, பாயத்தான் வைத்திருந்தார்கள். சோம் போரில் 1916 ஜூலை 14 என்ன நடந்தது? விடியலில் காலாட்படை வரிசையை உடைத்தது, ஹை வுட் காடு காலையில் ஏறக்குறைய காலியாகக் கிடந்தது. டெக்கான் ஹார்ஸ், 7வது டிராகூன் கார்ட்ஸ் என்ற இரண்டு குதிரை ரெஜிமென்ட்டுகளும் பாய்ந்தபோது சாயங்காலம் ஏழு மணி. பின்னாலிருந்து அகழிகளையும் குண்டுக்குழிகளையும் கடந்து வரவே பகல் போய்விட்டது. ஈட்டியால் சிலரை வீழ்த்தினார்கள், ராத்திரி மண்ணைத் தோண்டிப் படுத்தார்கள், விடிவதற்குள் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அந்தக் காடு முழுதாகக் கைக்கு வந்தது செப்டம்பர் 15இல்.

லாயம்:
ஹை வுட்டை எடுத்தது நல்லது கயல். ஆனால் நீங்களே சொன்னதில் இன்னொன்றும் இருக்கிறது. அன்று காலையில் குதிரைப்படை பக்கத்தில் இருந்திருந்தால்? திறப்பு இருந்தது, சில மணி நேரம். அதைப் பயன்படுத்த உத்தரவு முன்னாலிருந்து பின்னாலும், பின்னாலிருந்து முன்னாலும் போய்வரத்தான் நேரம் ஆனது. கம்பி குதிரையை அகழியின் முன்னால் மட்டும் நிறுத்தவில்லை. பல மைல் பின்னால், பீரங்கிக்கு எட்டாத இடத்தில் நிற்க வைத்துவிட்டது. திறப்பு ஏற்படும்போது அது எப்போதும் தூரத்தில்தான் இருந்தது. இதற்கு ஆசை காரணமா, தகவல் போக்குவரத்து காரணமா என்பதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை என்று நினைக்கிறேன்.

கயல்:
ஒத்துப்போகவில்லை. நிமிடத்துக்கு நிமிடம் மாறும் திறப்புக்காக மைல் கணக்கில் பின்னால் ஒரு படையைக் காத்திருக்க வைத்தவர்கள், அந்தத் தூரத்தை முன்பே கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

வைகைக்கரை:
இந்த வாதத்தை இரண்டு பக்கமும் அப்படியே கூட்டத்தில் வைக்கிறேன், தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஹைஃபாவிலிருந்து தொடங்குவதாக இருந்தேன். இப்போது 2வது லான்சர்ஸின் இரண்டு காலைகளை அடுத்தடுத்துச் சொல்லப் போகிறேன், 1917 டிசம்பர் 1, 1918 செப்டம்பர் 20. நடுவில் காங்கேயத்தான் அனுமதித்தால் அவருடைய காளைக்கன்று.

காங்கேயத்தான்:
தாராளமாகச் சொல்லுங்கள். கண்ணைத் துண்டால் கட்டியதை விட்டுவிடாதீர்கள். கட்டாமல் கம்பியை வெட்டப் போனால் மாடு உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும்.

தென்பாண்டி:
நான் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுதினேன், பொறுத்துக்கொண்டீர்கள். ஒன்று கேட்க வேண்டும். கலெக்டர் ஆபீசில் வெள்ளை உடையும் சிவப்புப் பட்டையும் போட்டுக்கொண்டு அறைக்கு வெளியே நிற்பாரே, தபேதார், அதுவும் இந்தத் தஃபேதாரும் ஒன்றா?

பழைய_சவார்:
ஒரே சொல்தான் ஐயா. ஒரு சிறு குதிரை அணிக்குத் தலைவன் என்று அர்த்தம். அங்கிருந்துதான் கலெக்டர் அறை வாசலுக்கு வந்தது.

தென்பாண்டி:
என் மாமனார் 31 வருடம் தபேதார் வேலை பார்த்தார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியாது, நாங்களும் கேட்டதில்லை. இன்று ராத்திரி அவரிடம் கோவிந்த் சிங் கதையைச் சொல்லப் போகிறேன்.